விவரத்துக்குப் பொருந்தவில்லை

செத்துப்போனவர்களின் சாமான்களைப் படம் எடுப்பதில் ஸ்மராண்டாவை மிஞ்ச பிரெய்லா ஊரில் ஆள் கிடையாது. இதை அவளே சொல்லிக்கொள்வதில்லை. அவளுடைய நாத்தனார் வேட்டாதான் மீன் கடை வரிசையில் நின்றுகொண்டு நாலு பேர் காதில் விழும்படி சொல்லுவாள். கேட்டவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு ஓரடி நகர்ந்து நிற்பார்கள். ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அதே ஆட்கள்தான் அவளுக்கு முதலில் போன் போடுவார்கள்.

நடைமுறை இதுதான். கிழவரோ கிழவியோ போய்ச்சேருவார்கள். பிள்ளைகள் இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் மூன்று நாள் லீவில் வந்து அழுவார்கள். போனவர் பேரில் ஓர் ஏழைக்கு ஒரு முழு உடுப்பு, தலை முதல் கால் வரை, தானம் கொடுப்பார்கள். மிச்சம் இருக்கும் அலமாரிகள், பீங்கான், கோட்டுகள், தையல் மெஷின் எல்லாவற்றையும் வீட்டுச் சாவியோடு சேர்த்து ஸ்மராண்டா கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். அவள் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, விவரம் எழுதி, பழைய சாமான் விற்கும் ஆப்பில் ஏற்றுவாள். விற்றதில் பாதி அவளுக்கு.

அவளிடம் இருந்தது சாதாரணக் கைப்பேசிதான், அதுவும் ஓரத்தில் கீறல் விழுந்தது. ஆனாலும் அவள் படத்தில் பொருள் கையில் எடுத்துப் பார்ப்பது மாதிரி இருக்கும். முதல் வேலையாக லென்ஸைச் சட்டை நுனியால் துடைப்பாள். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, அதனால்தான் அவர்கள் படமெல்லாம் பனி மூட்டத்தில் எடுத்தது போல இருக்கிறது என்பாள். அறையில் எரியும் விளக்குகளை அணைப்பாள், மஞ்சள் வெளிச்சமும் பகல் வெளிச்சமும் கலந்தால் நிறம் பொய் சொல்லும் என்று. பொருளை ஜன்னல் பக்கம் வைத்து, பின்னால் ஒரு வெள்ளை அட்டை, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நிழல் கறுத்துப்போகாமல் இருக்க இன்னொரு வெள்ளை அட்டை. வெயில் அடித்தால் அலுத்துக்கொள்வாள். மேகம் மூடிய நவம்பர் பகல்தான் அவளுக்குத் திருவிழா. முதல் படத்தில் பொருள் முழுசாகத் தெரிய வேண்டும். அப்புறம் பின்பக்கம், உள்பக்கம், லேபிள். கறை, கிழிசல், ஓட்டை எது இருந்தாலும் பக்கத்தில் ஒரு காசை வைத்துக் கிட்டத்தில் ஒரு படம்.

எழுதுவதும் அப்படித்தான். 'அற்புதம்', 'அரிய வாய்ப்பு' என்று எழுதுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. தலைப்பில் என்ன பொருள், எதனால் செய்தது, என்ன நிறம், என்ன அளவு. தேடுகிறவன் இந்தச் சொற்களைத்தானே தட்டப்போகிறான்? கோட்டு என்றால் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குளுக்கு எத்தனை சென்டிமீட்டர், கழுத்திலிருந்து கீழ் விளிம்பு வரை எத்தனை. அப்புறம் குறைகள், ஒன்று விடாமல். கடைசியில் எப்போதும் இரண்டே வரி.

'ஒரே ஆள் உபயோகித்தது. இனி தேவைப்படாது.'

பார்சல் கட்டிக்கொண்டிருந்த வேட்டா ஒரு தடவை, "அண்ணி, இது கல்லறையில எழுதற மாதிரி இருக்கு. படிக்கறவனுக்குக் குலை நடுங்காதா?" என்று கேட்டாள். எதற்கு விற்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்கத்தான் போகிறார்கள், கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டால் மரியாதை என்று ஸ்மராண்டா பதில் சொன்னாள். அந்த வரியை அவள் ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பாள். எழுதி எழுதி அதன் அர்த்தமே அவளுக்கு மரத்துப்போயிருந்தது.

அந்த நவம்பரில் அவள் புருஷன் டோரு ஆஸ்பத்திரியில் இருந்தான். டிராம் பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இதய வால்வு ஒன்று தேய்ந்துபோய், வெள்ளிக்கிழமை காலை நெஞ்சைத் திறப்பதாக ஏற்பாடு. நூறு ஆபரேஷனில் தொண்ணூற்றைந்து நல்லபடி முடியும் என்றார் டாக்டர். மிச்ச ஐந்தை நினைத்து ஸ்மராண்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தாறு வருஷக் கல்யாணம். குழந்தை இல்லை. அவனை விட்டால் அவளுக்கு ஆள் என்று யாருமில்லை.

திங்கட்கிழமை பகல் பதினோரு மணி இருக்கும். செத்துப்போன ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கோட்டுக்கு என்ன விலை வைக்கலாம் என்று பார்க்க, சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஆப்பில் அதே மாதிரிக் கோட்டுகளைத் தேடினாள். ஏழாவதாக வந்தது டோருவின் கோட்டு.

'ஆண்கள் கம்பளிக் கோட்டு, கரும்பச்சை, அளவு 54, முழங்கால் நீளம்.'

அந்த மாதிரிக் கோட்டு ஊரில் இருநூறு இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் திறந்தாள். இடது பாக்கெட்டின் ஓரத்தில் அவள் கையால் போட்ட தையல், கொஞ்சம் கோணலாக. உள் பாக்கெட்டில் மசகெண்ணெய்க் கறை. அதன் பக்கத்தில் ஐம்பது பானி காசு. கோட்டுக்குப் பின்னால் வெள்ளை அட்டை. அந்த அட்டையின் மேல் மூலை மடங்கியிருந்தது. அவளுடைய அட்டையும் அதே மூலையில்தான் மடங்கியிருந்தது, அது அப்போது அடுப்புக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது.

விவரத்தைப் படித்தாள். அக்குளுக்கு அக்குள் 58. நீளம் 104. பொத்தான்கள் ஐந்தும் அசல். உள்துணியில் கிழிசல் இல்லை. உள் பாக்கெட்டில் எண்ணெய்க் கறை, படம் பார்க்கவும். ஒரே ஆள் உபயோகித்தது. இனி தேவைப்படாது.

அவள் எழுந்து நடைக்குப் போனாள். கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பஞ்சு ஜாக்கெட் போதும் என்று டோரு அதை விட்டுவிட்டுப் போயிருந்தான். தொட்டுப் பார்த்தாள். அளவு நாடாவைக் கொண்டுவந்து அளந்தாள். ஐம்பத்தெட்டு. நூற்று நாலு. வாழ்நாளில் அந்தக் கோட்டை அவள் படம் எடுத்ததில்லை. அளந்ததும் அன்றுதான் முதல் தடவை.

மத்தியானம் வந்த வேட்டாவிடம் காட்டினாள். வேட்டா எதையும் லேசில் பயப்படுகிற பிறவி அல்ல. எவனோ உன் கணக்குக்குள் புகுந்து படத்தைத் திருடிவிட்டான், தினம் நடக்கிற கூத்துதானே என்றாள். நான் எடுக்காத படத்தை எப்படித் திருடுவான் என்று ஸ்மராண்டா கேட்டதும் வேட்டா கைப்பேசியை வாங்கி, பதிவைக் கீழே வரை தள்ளிப் பார்த்தாள். விற்கிறவன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அன்று காலைதான் சேர்ந்த கணக்கு. ஊர், பிரெய்லா. இதுவரை விற்றது எதுவுமில்லை.

"சீட்டு கேளு அண்ணி," என்றாள் வேட்டா. "பொருள் கையில இல்லாதவன் எங்கேருந்து அனுப்புவான்? முழிப்பான் பாரு."

சந்தேகம் வந்தால் அந்த ஆப்பில் எல்லோரும் கேட்பதுதான் அது. விற்கிறவர் ஒரு தாளில் தன் பெயரையும் தேதியையும் கையால் எழுதி, பொருளின் மேல் வைத்துப் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். திருட்டுப் படத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. ஸ்மராண்டா கேட்டாள். பத்து நிமிஷத்தில் படம் வந்தது.

கோட்டு ஒரு மேஜை மேல் விரிந்து கிடந்தது. மேஜை விரிப்பில் நீலக் கட்டம், அதில் பீட்ரூட் கறை. அவர்கள் இருவரும் முழங்கையை ஊன்றியிருந்த அதே மேஜை, அதே விரிப்பு. அதில் அப்போது இரண்டு காப்பிக் கோப்பைகளைத் தவிர எதுவும் இல்லை. சீட்டில் இருந்தது ஸ்மராண்டாவின் கையெழுத்து. ஏழுக்கு நடுவில் கோடு போடுகிற பழக்கம்கூட மாறவில்லை. ஸ்மராண்டா, நவம்பர் 14, கூரியர் நேரம் 17 மணி. அன்று தேதி பத்து. பதினாலு வெள்ளிக்கிழமை.

வேட்டா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அது முன்பே சாத்தித்தான் இருந்தது. சாமியாரிடம் போகலாம், கோட்டை எவனாவது ஏழைக்குத் தானமாகக் கொடுத்துவிடலாம் என்று ஏதேதோ சொன்னாள். ஸ்மராண்டாவுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. "உங்கண்ணன் உயிரோட இருக்கான். உயிரோட இருக்கறவன் உடுப்பை எவன் பேருல தானம் குடுப்பே?" என்றாள். வேட்டா அழ ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அதே கணக்கில் இன்னும் இரண்டு பதிவுகள். ஒன்று மூக்குக்கண்ணாடி, பழுப்பு ஃபிரேம், இடது கண்ணாடியில் மயிரிழைக் கீறல், காதுக் கம்பிகள் இரண்டும் உறுதி. இன்னொன்று தோல் ஷூ, அளவு 43, கறுப்பு, குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்தது, தோலில் வெட்டோ கிழிசலோ இல்லை. கண்ணாடி டோருவின் மூக்கு மேல் இருந்தது. ஷூ ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குக் கீழே இருந்தது. படங்கள் என்னவோ சமையலறை ஜன்னலோரம் எடுத்தவை, நல்ல தெளிவு, ஒரு குறை சொல்ல முடியாது. திருடன் இவ்வளவு பொறுமையாகப் படம் எடுக்கமாட்டான்.

அவள் புகார் கொடுத்தாள். 'என் படங்களைத் திருடியிருக்கிறார்கள்' என்று தட்டினால், உங்கள் அசல் படங்களை ஏற்றுங்கள் என்று கேட்டது. அவளிடம் அசல் ஏது? 'திருட்டுப் பொருள்' என்று தட்டினால் போலீஸ் சீட்டு கேட்டது. ஆணியில் தொங்கும் கோட்டுக்கும் மூக்கில் இருக்கும் கண்ணாடிக்கும் எந்தப் போலீஸ்காரன் சீட்டு எழுதுவான்? மூன்றாவதாக ஒன்று இருந்தது. 'விவரத்துக்குப் பொருந்தவில்லை.' பொருளின் உண்மை நிலையைக் காட்டும் படங்களை ஏற்றவும், சரிபார்த்து நீக்குகிறோம் என்றது.

ஸ்மராண்டா அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விவரம் அச்சு அசலாகப் பொருந்துகிறது. விவரத்தை அவளால் மாற்ற முடியாது. பொருளை மாற்றலாமே?

கத்தரிக்கோலை எடுத்து முதல் பொத்தானின் நூலை வெட்டினாள். அப்புறம் மூன்றாவது, நாலாவது. உள்துணியை அக்குளிலிருந்து இடுப்பு வரை கிழித்தாள். கிழிகிற சத்தம் அவள் முதுகில் ஊர்ந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, லென்ஸையும் துடைத்துக்கொண்டு, விளக்கை அணைத்து, அட்டைகளை நிறுத்தி, கிழிசலுக்குப் பக்கத்தில் காசை வைத்துப் படம் எடுத்தாள். பழக்கம் எங்கே போகும்?

புதன்கிழமை பார்வை நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டோரு வெளுத்துப்போயிருந்தாலும் வாய் மட்டும் குறையவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுவது ஆறாம் நம்பர் டிராம் வளைவில் திரும்புகிற மாதிரியே இருக்கிறது என்றான். கண்ணாடி அழுக்காக இருக்கிறது, துடைத்துத் தருகிறேன் என்று வாங்கி, அவன் கண்ணெதிரே ஒரு காதுக் கம்பியை மளுக்கென்று ஒடித்தாள்.

"என்ன மகராசி, பண்ணித் தொலைச்சே? இனி நான் பேப்பர் எப்படிப் படிப்பேன்?"

"நான் படிச்சுச் சொல்றேன். கொஞ்ச நாள்தானே."

மாத்திரை மயக்கத்தில் அவன் கண்ணயர்ந்ததும், கட்டிலுக்குக் கீழே இருந்து ஷூக்களை இழுத்து, கைப்பையில் கொண்டுவந்த சமையல் கத்தியால் பக்கவாட்டுத் தோலை ஒரு விரல் நீளத்துக்குக் கீறினாள். வார்டு ஜன்னலோரம் வைத்து, தலையணை உறையைப் பின்னால் பிடித்து, படம் எடுத்தாள். கஞ்சி கொண்டுவந்த நர்ஸ் அவளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். ஆஸ்பத்திரியில் பெண்டாட்டிகள் என்னென்னவோ செய்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று புகார்களும் போயின. நாலு மணிக்கு மூன்று பதிவுகளும் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்தன. காரணம், விவரத்துக்குப் பொருந்தவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. நடுவில் ஒரு தடவை இதயம் நின்று நின்று யோசித்ததாகவும், அப்புறம் தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டதாகவும் டாக்டர் வெளியே வந்து சொன்னார். எத்தனை மணிக்கு என்று ஸ்மராண்டா கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை. நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுவது அவளுக்கு அவ்வளவு பழக்கமில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் தவறாக நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

டிசம்பர் முதல் வாரம் டோரு வீட்டுக்கு வந்தான். நாலு மாடி ஏறுவதற்கு நாற்பது நிமிஷம் பிடித்தது. புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தாள். பழைய கோட்டு, பழைய ஷூ, ஒடிந்த கண்ணாடி மூன்றையும் ஒரு பையில் கட்டி, கட்டிலுக்கு அடியில், ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் தள்ளியிருந்தாள். வீசி எறிய மனம் வரவில்லை. எறிந்தால் அது இனி தேவைப்படாது என்று ஆகிவிடும் என்று ஒரு பயம். அந்தக் கணக்கைத் தினமும் திறந்து பார்த்தாள். விற்பனைக்கு எதுவும் இல்லை என்றது. மூச்சு விட்டாள்.

அவள் மறந்தது ஒன்றுதான். கட்டியது ஒரு ஃபிட்டரை. உடைந்த சாமானைப் பார்த்தால் டோருவுக்குக் கை பரபரக்கும். பணிமனையில் குப்பைக்குப் போன டிராம் மணியை எடுத்துவந்து சரிசெய்து மூன்றாம் மாடிக்காரர் வீட்டுக்கு வாசல் மணியாக மாட்டிக்கொடுத்தவன் அவன்.

ஒரு வியாழக்கிழமை ஸ்மராண்டா ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வீட்டில் பீங்கான் பாத்திரங்களைப் படம் எடுக்கப் போயிருந்தாள். பளபளப்பான சாமான் எடுப்பது பெரிய தொல்லை. எடுக்கிறவள் முகம் அதில் தெரியும். அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று, பெரிதாக்கி எடுக்க வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்குத்தான் வீடு திரும்பினாள். படுக்கையறைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கட்டில் மேல் வெள்ளை விரிப்பு. அதன் மேல் கோட்டு, ஐந்து பொத்தான்களோடு. உள்துணியில் கிழிந்த இடமே தெரியாமல் நுணுக்கமான தையல். பக்கத்தில் கண்ணாடி, ஒடிந்த கம்பியைப் பற்றவைத்து ராவி வழவழப்பாக்கியிருந்தான். கீழே செய்தித்தாள் மேல் ஷூக்கள், கீறலை ஒட்டி மெழுகு தேய்த்துப் பாலிஷ் போட்டு, ஜோடியாக. டோரு பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். முகம் பூரா பெருமை.

"வேட்டாதான் நூல் வாங்கியாந்தா. மூணு நாளா நீ வெளிய போனப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா செஞ்சேன். எந்த எலி கடிச்சுது இந்தக் கோட்டை? சரி விடு. பாரு, எங்க கிழிஞ்சுதுன்னு நீ கண்டுபிடி பாப்போம்."

அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கைப்பையில் கைப்பேசி மூன்று தடவை முனகியது.

சமையலறைக்குப் போய்த்தான் திறந்தாள். மூன்று பதிவுகளும் திரும்பி வந்திருந்தன, அதே படங்கள், அதே விவரம். இப்போது எல்லாம் மறுபடி அச்சு அசலாகப் பொருந்தின. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றின் மேலும் சாம்பல் நிறப் பட்டை விழுந்தது. விற்கப்பட்டது. அனுப்புபவர் முகவரி, அவள் வீடு. வாங்குபவர் முகவரி இருக்க வேண்டிய இடம் காலி. கூரியர், இன்று மூன்று மணி. கீழே ஒரு செய்தி, அந்தக் கணக்கிலிருந்து கேட்காமல் வந்த முதல் செய்தி. 'பார்சலைத் தயாராக வைக்கவும்.'

கத்தரிக்கோல் மேஜை இழுப்பறையில் இருந்தது. எடுத்தாள். உள்ளே டோரு ஏதோ பழைய பாட்டைச் சீட்டியடித்தான், மூச்சு வாங்க வாங்க. விற்றுப்போன பொருளைப் பொருந்தவில்லை என்று சொல்ல வாங்கியவருக்கு மட்டும்தான் உரிமை. அதுவும் போக, அவள் வெட்ட வெட்ட இந்த மனுஷன் தைத்துக்கொண்டே இருப்பான். அப்படிப்பட்டவன் என்றுதானே அவனைக் கட்டிக்கொண்டாள்? கத்தரிக்கோலைத் திரும்ப உள்ளே போட்டாள்.

பிறகு எழுதினாள். 'மன்னிக்கவும். அவை விற்பனைக்கு இல்லை. தவறு என்னுடையது. பதிலுக்கு வேறு ஒன்று தரலாமா?'

வியாபாரத்தில் இது நடக்கக்கூடியதுதான். சாமான் உடைந்துவிட்டால், தொலைந்துவிட்டால், வாங்குகிறவர் சம்மதித்தால் வேறு ஒன்றை அனுப்பலாம். பதில் உடனே வந்தது. 'படமும் விவரமும் அனுப்பவும்.'

நடையில் அவளுடைய சாம்பல் நிறக் கோட்டு தொங்கியது, வந்து கழற்றிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, உள்பக்கம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. டிசம்பர் வெளிச்சம் இரண்டு மணிக்கெல்லாம் சாயத் தொடங்கிவிடும். ஜன்னலை ஒட்டி மேஜையை இழுத்தாள். லென்ஸைத் துடைத்தாள். திரையில் கோட்டைத் தொட்டு, வெளிச்சத்தை ஒரு துளி கூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். முன்பக்கம், பின்பக்கம், உள்துணி, லேபிள். வலது கை விளிம்பில் இஸ்திரி சுட்ட அடையாளம், பக்கத்தில் காசு. கழுத்துப் பட்டையில் நைந்த இடம். மங்கலாக எடுத்து அனுப்பலாம், இல்லாத குறையெல்லாம் எழுதி வேண்டாம் என்று சொல்ல வைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மூன்று மணிக்கு எதைக் கொடுப்பாள்? மங்கலாக வந்த ஒன்றை அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

'பெண்கள் கம்பளிக் கோட்டு, சாம்பல், அளவு 46. அக்குளுக்கு அக்குள் 52. நீளம் 98. வலது கையில் சுட்ட அடையாளம், கழுத்துப் பட்டை நைந்தது, படங்கள் பார்க்கவும். மற்றபடி உறுதி. பல வருஷம் தாங்கும்.' அங்கே அவள் விரல் நின்றது. அறுபத்தொரு வயது அவளுக்கு. இன்னும் பல வருஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முடித்தாள். 'ஒரே ஆள் உபயோகித்தது. இன்னும் தேவைப்படுகிறது. ஆனாலும் தருகிறேன்.'

அனுப்பினாள். அவள் எழுதியதிலேயே நல்ல விவரம் அதுதான். நேர்மையாக எழுதியது என்று யார் வேண்டுமானாலும் சொல்லுவார்கள்.

இந்தத் தடவை பதில் வரக் கொஞ்சம் நேரமானது. படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. சுட்ட அடையாளம் இருந்த இடத்தில் அவள் மணிக்கட்டு குறுகுறுத்தது. பிடரியில் யாரோ துணியைத் தடவிப் பார்ப்பது போல இருந்தது.

'சம்மதம்,' என்று வந்தது. 'சீட்டு வைத்து ஒரு படம்.'

தாளை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். தேதி என்ன போடட்டும் என்று கேட்டாள்.

'பெயர் போதும். தேதியை நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.'

மூன்று அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. கூரியர் ஒரு நடுவயதுப் பெண், பனியில் சிவந்த மூக்கோடு, நாலு மாடி ஏறிய கோபத்தில் இருந்தாள். ஸ்மராண்டா கோட்டை ஒழுங்காக மடித்து, மெல்லிய தாள் சுற்றி, மூலைகளில் ஒட்டுநாடா போட்டு வைத்திருந்தாள். அந்தப் பெண் மேலே ஒட்டிய முகவரிச் சீட்டைக் கருவியால் தட்டினாள். பெறுபவர் முகவரி ஒன்றும் தெரியவில்லையே என்று முணுமுணுத்தாள். அப்புறம் கருவி பச்சையாக எரிந்ததைப் பார்த்துவிட்டு, தனக்கென்ன என்பது போலத் தோளைக் குலுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஸ்மராண்டா கதவைச் சாத்திவிட்டு ஆப்பைத் திறந்தாள். டோருவின் கோட்டு இல்லை, கண்ணாடி இல்லை, ஷூ இல்லை. அந்தக் கணக்கும் இல்லை.

திரும்பினால் டோரு நடையில் நிற்கிறான். பச்சைக் கோட்டு, பாலிஷ் போட்ட ஷூ, பற்றவைத்த பழைய கண்ணாடி. ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையாகக் கீழே இறங்கி, ரொட்டிக் கடை வரை நடக்கலாம் என்று அவனாக முடிவு பண்ணியிருந்தான்.

"வா, நீயும் வா. எங்க உன் கோட்டு?"

"வித்துட்டேன்."

"இந்தக் குளிர்லயா? பைத்தியமா உனக்கு? நல்ல விலையாவது வந்துச்சா?"

அவள் அவனைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. கழுத்து நரம்பு சீராகத் துடித்தது.

"நல்ல விலைதான்," என்றாள்.

டோரு தலையில் அடித்துக்கொண்டான். அந்த விலைக்குப் புதுசு ஒன்று வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு, இப்போதைக்கு இதைப் போட்டுக்கொள் என்று தன் கோட்டைக் கழற்றப் போனான். ஸ்மராண்டா அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள். கழற்றிய இரண்டு பொத்தான்களையும் மறுபடி போட்டுவிட்டாள், கழுத்துப் பட்டையை நிமிர்த்திவிட்டாள். எனக்குக் குளிரவில்லை என்றாள். எந்த விவரத்திலும் ஒரு பொய்கூட எழுதாதவள் சொன்ன பொய் அது. அவன் கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள், அவனுக்கு மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே.